குர்த்தி ரிட்டர்ன்: எந்த அளவு, எந்த நிறம் லாபத்தைத் தின்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழிமுறை

புதுச்சேரி, கடலூர் பக்கம் பத்துப் பதினைந்து மிஷின் போட்டுப் பருத்தி குர்த்தி தைத்து, சொந்த இணையதளத்திலோ வாட்ஸ்அப்பிலோ ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்பும் யூனிட்டுகளுக்கானது இது. உங்களிடம் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் தலைப்பில் இருக்கும் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டுப் போவது நல்லது, மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

எல்லாக் கணக்குக்கும் ஒரே குர்த்தியை எடுத்துக்கொள்கிறோம். தொகைகள் உதாரணத்துக்காக வைத்தவை. உங்கள் துணி விலையையும் கூரியர் ரேட் கார்டையும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

விற்பனை விலை ஜிஎஸ்டி சேர்த்து 799 ரூபாய். 5 சதவீத வரியைக் கழித்தால் 761. துணி, தையல், பட்டன், இஸ்திரி எல்லாம் சேர்ந்து 380. கவர், ஸ்டிக்கர் 18. போகும் கூரியர் 72. பணம் வாங்கும் கேட்வே கட்டணம் 16. ஓர் ஆர்டர் கிடைக்க விளம்பரத்துக்குப் போகும் தொகை 90. மீதி 185 ரூபாய். கூரியர் பில்லில் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வதால் கூரியர் தொகைகளை வரி இல்லாமல் போட்டிருக்கிறோம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வரியையும் செலவில் சேர்க்க வேண்டும்.

## அறிகுறி: மொத்த ரிட்டர்ன் விகிதம் சாதாரணமாகத்தான் இருக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் பணம் நிற்கவில்லை

முதல் சந்தேகம்: வகுக்கும் எண் தவறு. பெரும்பாலான ஷீட்டுகளில் இந்த மாதம் திரும்பி வந்த பீஸ்களை இந்த மாதம் அனுப்பிய பீஸ்களால் வகுத்திருப்பார்கள். குர்த்தி போய்ச் சேர நான்கைந்து நாள், வாடிக்கையாளர் முடிவெடுக்க ஒரு வாரம், பிக்கப் ஆகித் திரும்பி வர இன்னொரு வாரம். ஆகவே அக்டோபரில் வரும் ரிட்டர்னில் பெரும்பகுதி செப்டம்பரில் போனது. தீபாவளிக்கு முன் விற்பனை ஏறும்போது வகுக்கும் எண் பெரிதாகி விகிதம் குறைவாகத் தெரியும். தீபாவளி முடிந்ததும் விற்பனை இறங்கும், ரிட்டர்ன் மட்டும் வந்துகொண்டே இருக்கும், விகிதம் திடீரென்று எகிறும். இரண்டுமே பொய்.

சரியான வழி, அனுப்பிய தேதியை வைத்துக் குழு பிரிப்பது. செப்டம்பரில் அனுப்பிய 400 பீஸில், எப்போது வந்திருந்தாலும் சரி, எத்தனை திரும்பின என்று எண்ண வேண்டும். மாதம் முடிந்து 30 நாள் கழித்துத்தான் அந்தக் குழுவின் எண்ணை நம்பலாம்.

இரண்டாவது சந்தேகம்: எஸ்.கே.யூ என்ற சரக்குக் குறியீட்டில் அளவும் நிறமும் இல்லை. ரிட்டர்ன் நோட்டில் "நீலக் குர்த்தி" என்று மட்டும் எழுதினால் எந்த அளவு திரும்பியது என்பது தொலைந்துபோகும். டிசைன், நிறம், அளவு மூன்றும் ஒரே குறியீட்டில் இருக்க வேண்டும். பார்சல் பிரிக்கும் மேசையிலேயே கழுத்து லேபிளைப் பார்த்து அதைப் பதிய வேண்டும். ஆர்டரில் இருக்கும் அளவைப் பார்த்துப் பதிந்தால், தவறான அளவு போன விஷயம் கடைசிவரை வெளியே வராது.

ஷீட்டில் B நெடுவரிசையில் எஸ்.கே.யூ, C-யில் அனுப்பிய தேதி, F-இல் நிலை என்று வைத்தால், ஒரு வேரியண்ட்டின் ரிட்டர்னை எண்ண இது போதும்:

```
=COUNTIFS(B:B,"KU07-BLU-XXL",C:C,">="&DATE(2025,9,1),C:C,"<"&DATE(2025,10,1),F:F,"RET")
```

நிலை பற்றிய கடைசி நிபந்தனையை நீக்கிவிட்டால் அனுப்பிய எண்ணிக்கை கிடைக்கும். ஒன்றை மற்றதால் வகுத்தால் விகிதம்.

மூன்றாவது, பணம் நிஜமாகவே ஓடும் இடம்: ஒரு ரிட்டர்னின் முழுச் செலவு எங்கும் எழுதப்படவில்லை. பில்லில் தெரிவது ரிவர்ஸ் பிக்கப் தொகை மட்டும். 85 ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஆர்டருக்காக ஏற்கெனவே போன 72 ரூபாய் கூரியர், 18 ரூபாய் கவர், 16 ரூபாய் கேட்வே, 90 ரூபாய் விளம்பரம் எதுவும் திரும்பி வருவதில்லை. வந்த பீஸைப் பிரித்துப் பார்த்து, நூல் வெட்டி, இஸ்திரி போட்டு மறுபடி மடிக்க 22 ரூபாய். நான்கில் ஒரு பீஸ் கறை, வாசனை, இழுபட்ட தையல் என்று 200 ரூபாய் குறைத்துத்தான் விற்க முடிகிறது என்றால், ஒரு ரிட்டர்னுக்குச் சராசரி 50. கூட்டினால் 353 ரூபாய்.

வாடிக்கையாளர் வைத்துக்கொண்ட ஒரு குர்த்தி தருவது 185. திரும்பி வந்த ஒரு குர்த்தி எடுப்பது 353. ஏறக்குறைய இரண்டு நல்ல விற்பனையை ஒரு ரிட்டர்ன் விழுங்குகிறது. இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் எந்த வேரியண்ட்டையும் எடை போடலாம்:

```
நிகர மிச்சம் = (அனுப்பியது - திரும்பியது) × 185 - திரும்பியது × 353
```

இந்த உதாரணத்தில் திரும்பும் விகிதம் சுமார் 34 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வேரியண்ட் நஷ்டம். உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க, 185-ஐ, 185-உம் 353-உம் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும்.

இப்போது 400 பீஸையும் அளவுவாரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

| அளவு | அனுப்பியது | திரும்பியது | விகிதம் | நிகர மிச்சம் (₹) |
|---|---|---|---|---|
| எஸ் | 40 | 4 | 10% | 5,248 |
| எம் | 110 | 9 | 8.2% | 15,508 |
| எல் | 120 | 11 | 9.2% | 16,282 |
| எக்ஸெல் | 90 | 11 | 12.2% | 10,732 |
| டபுள் எக்ஸெல் | 40 | 17 | 42.5% | −1,746 |

மொத்த விகிதம் 13 சதவீதம். யாரும் பதறமாட்டார்கள். ஆனால் டபுள் எக்ஸெல்லில் 40 பீஸ் தைத்து, மடித்து, அனுப்பி, வாங்கி, கடைசியில் 1,746 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. விற்பனை ஷீட்டில் அதே வரி "40 × 185 = 7,400 லாபம்" என்று நிற்கும். அதை நம்பி அடுத்த லாட்டில் டபுள் எக்ஸெல்லை இன்னும் கூடுதலாக வெட்டச் சொல்பவர்களும் உண்டு.

சின்ன எண்களை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம். எட்டு அனுப்பி மூன்று திரும்பினால் அதுவும் 37 சதவீதம்தான், ஆனால் அது தற்செயலாக இருக்கலாம். ஒரு வேரியண்ட்டில் 30 பீஸாவது போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அதே பேட்டர்னில் வெட்டிய மற்ற நிறங்களின் அதே அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஜிஎஸ்டி. திரும்பி வந்த ஒவ்வொரு குர்த்திக்கும் நீங்கள் கட்டிய 38 ரூபாய் வரியைக் குறைத்துக்கொள்ளாமல் விட்டால் 52 ரிட்டர்னுக்கு 1,976 ரூபாய். கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்ட, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 கடைசி நாள், ஜிஎஸ்டி ஆண்டு அறிக்கையை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாள். புதுச்சேரி யூனிட்டுகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கிருந்து கடலூருக்கு அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் புதுச்சேரியின் குறியீடு 34, தமிழ்நாட்டினுடையது 33, எனவே அது மாநிலம் தாண்டிய விற்பனை, ஐஜிஎஸ்டி. கடலூர் மாவட்டத்தையே கடந்து போகும் காரைக்கால் பார்சலோ உள்ளூர் விற்பனை. விற்றபோது எந்த இடத்தில் காட்டினீர்களோ, ரிட்டர்னையும் அந்த இடத்தில்தான் கழிக்க வேண்டும். பல மாதங்களாகக் கழிக்காமல் விட்டிருந்தாலோ, கெட்டுப்போன பீஸ்களைத் தூக்கிப் போட்டிருந்தாலோ (அவற்றின் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்கும்) கணக்காளரிடம் போய்விடுங்கள், நீங்களே போர்ட்டலில் முயல வேண்டாம்.

## அறிகுறி: எல்லா நிறத்திலும் ஒரே அளவுதான் திரும்பி வருகிறது

மேலே பார்த்த டபுள் எக்ஸெல் கதை இதுதான். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவோம்.

ஸ்டிக்கர் மாறியிருக்கிறதா? அலமாரியிலிருந்து அந்த அளவில் பத்துக் கவரைப் பிரித்து, கவர் ஸ்டிக்கரையும் கழுத்து லேபிளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் அந்த லாட் முழுவதையும் பிரிக்க வேண்டும். இதில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஸ்டிக்கர் மாறினால் இரண்டு அளவுகள் ஜோடியாகத் திரும்பும், ஒன்று "இறுக்கம்" என்றும் இன்னொன்று "தொளதொள" என்றும். ஒரு அளவு மட்டும் திரும்பினால் ஸ்டிக்கர்மேல் சந்தேகம் குறைகிறது.

அளவு அட்டவணை எதைச் சொல்கிறது? இணையதளத்தில் "மார்பு 46" என்று போட்டிருக்கிறீர்கள். அது உடம்பின் அளவா, குர்த்தியின் அளவா? குர்த்தியின் அளவு என்றால், 46 இஞ்ச் உடம்புக்காரர் அதை வாங்கிப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைய முடியாமல் திருப்பி அனுப்புவார். சின்ன அளவுகளில் ஆட்கள் ஒரு சைஸ் முன்னே பின்னே இருந்தாலும் அனுசரித்துப் போட்டுக்கொள்வார்கள். டபுள் எக்ஸெல்லுக்கு மேலே போக உங்களிடம் வேறு அளவே இல்லை, அதனால் குழப்பம் முழுவதும் அங்கே வந்து சேரும். "உங்கள் மார்புச் சுற்று 44 வரை இருந்தால்" என்று உடம்பு அளவில் ஒரு வரியும், குர்த்தியைத் தரையில் விரித்து அளந்த அளவில் ஒரு வரியும் தனித்தனியாகப் போடுங்கள்.

எப்போது திருப்புகிறார்கள்? டெலிவரி ஆன இரண்டு நாளுக்குள் ரிட்டர்ன் கேட்டால், போட்டுப் பார்த்ததும் பொருந்தவில்லை. வெட்டியதில் அல்லது பேட்டர்னில் கோளாறு. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் துவைத்த வாசனையோடு சண்டை வந்தால் துணி சுருங்கியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. இந்தத் தேதி வித்தியாசத்தைப் பார்க்காமல் பேட்டர்னை மாற்றிப் பணம் போட்டவர்கள், துணி சுருங்குவது தொடர்ந்ததால் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

சுருக்கத்தைச் சோதிக்க, தைக்காத துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் பேனாவால் குறித்து, வீட்டில் துவைப்பதுபோல் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளங்கள். நீளவாட்டில் 48 வந்தால் 4 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அகலவாட்டையும் தனியாக அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்காது. அகலத்தில் 4 சதவீதம் என்றால் 46 இஞ்ச் மார்பில் ஏறக்குறைய 1.8 இஞ்ச் போய்விடும், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு சைஸ். எஸ் அளவிலும் அதே சதவீதம்தான், ஆனால் போகும் இஞ்ச் குறைவு. தறித்துணியைக் கஞ்சியோடு வாங்கி அப்படியே வெட்டினால் இது வந்தே தீரும். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைப்பதுதான் வழி.

எந்த இடத்தில் பிடிக்கிறது? ரிட்டர்ன் படிவத்தில் "சைஸ் பொருந்தவில்லை" என்ற ஒரே தேர்வு இருந்தால் அது எதையும் சொல்லாது. அந்த 17 பேரில் ஐந்து பேருக்குப் போன் போட்டு, "அக்கா, எந்த இடத்துல பிடிக்குது?" என்று கேளுங்கள். மூன்று பேர் "கை" என்றால் மேலே தேட வேண்டியதில்லை.

நாடா வைத்து அளத்தல். திரும்பி வந்தவற்றில் ஐந்து, அலமாரியில் இருப்பவற்றில் ஐந்து எடுத்து, மேசையில் விரித்து மூன்று இடம் அளங்கள்: அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே மார்பு, அக்குளுக்கு ஒரு இஞ்ச் தள்ளிக் கைச்சுற்று, இடுப்புக்குக் கீழே பக்கவாட்டுப் பிளவு தொடங்கும் இடத்தில் சுற்று. பத்திலும் ஒரே அளவு வந்தால் பேட்டர்னில் கோளாறு. பீஸுக்குப் பீஸ் அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் மாறினால் கட்டிங்கில் கோளாறு. துணியை உயரமாக அடுக்கி வெட்டும்போது கத்தி சாய்ந்து, அடித்தட்டு மேல்தட்டைவிடச் சிறியதாகப் போகும். அடுக்கின் உயரத்தைப் பாதியாக்கிவிட்டு அடுத்த லாட்டில் மறுபடி அளந்து பாருங்கள்.

பேட்டர்ன் கோளாறு பெரும்பாலும் இப்படி வருகிறது. எம் அளவில் நன்றாகப் பொருந்தும் ஒரு பேட்டர்னை எடுத்து, மார்புக்கு ஒவ்வொரு சைஸுக்கும் 2 இஞ்ச், கைச்சுற்றுக்கு அரை இஞ்ச் என்று ஒரே சீராக ஏற்றியிருப்பார்கள். எம்மில் கைச்சுற்று 13.5 என்றால் டபுள் எக்ஸெல்லில் 15 ஆகும். 44 இஞ்ச் மார்பு உள்ள பலருக்குக் கையின் மேற்பகுதியே 15 இஞ்சை ஒட்டி இருக்கும். இழுபடாத பருத்தித் துணியில் கையைத் தூக்கி இறக்க ஒன்றரை இஞ்சாவது தளர்வு வேண்டும். மார்பு சரியாக உட்கார்ந்தும் கை நுழையாத குர்த்தியை யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

கையில் இருக்கும் ஸ்டாக்கை என்ன செய்வது? கைத் தையலின் உள்ளே அரை இஞ்ச் துணி விட்டிருந்தால், இரண்டு பக்கமும் கால் இஞ்ச் விட்டுத் தைத்து மொத்தம் அரை இஞ்ச்தான் கிடைக்கும். போதாது. அக்குளில் சின்னச் சதுரத் துண்டு வைத்துத் தைக்கலாம், ஆனால் பீஸ் ஒவ்வொன்றையும் பிரித்து மறுபடி தைக்கும் கூலி அதிகம், பிரிண்ட் போட்ட துணியில் ஒட்டுத் தெரியும். எங்கள் பார்வையில் சரியான வழி, லேபிளை மாற்றி "எக்ஸெல், தளர்வான அமைப்பு" என்று நிஜ அளவுகளைப் போட்டு விற்றுத் தீர்ப்பது. டபுள் எக்ஸெல்லைத் தற்காலிகமாகத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம். பேட்டர்ன் மாஸ்டரிடம் போகும்போது "டபுள் எக்ஸெல் சரியில்லை" என்று சொல்லாமல், அளந்த பத்து பீஸின் எண்களையும், கைச்சுற்று 16.5 வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கையை அகலமாக்கினால் அக்குள் வளைவும் சேர்ந்து மாற வேண்டும், இல்லாவிட்டால் தோளில் சுருக்கம் விழும். அதனால்தான் இதைத் தையல் மேசையில் கைக்கு வந்தபடி செய்யக் கூடாது. மாற்றியபின் முதலில் ஐந்து பீஸ் மட்டும் தைத்து, நிஜமாகவே அந்த அளவு உடம்பு உள்ள மூன்று பேருக்குப் போட்டுப் பாருங்கள். பொம்மைக்குக் கை கிடையாது, அதில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

செலவு நியாயமா என்று கேட்டால், கணக்கு இதுதான். அடுத்த 40 பீஸில் ரிட்டர்ன் 17-லிருந்து 5-ஆக இறங்கினால் நிகர மிச்சம் 4,710 ரூபாய். முன்பிருந்த −1,746-உடன் ஒப்பிட்டால் ஒரே மாதத்தில் 6,456 ரூபாய் வித்தியாசம். பேட்டர்ன் கூலி அதற்குள் அடங்குகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: எல்லா அளவிலும் ஒரே நிறம்தான் திரும்பி வருகிறது

படத்தில் பார்த்த நிறம் வேறு, கையில் வந்த நிறம் வேறு என்பதுதான் பெரும்பாலும் காரணம். மெரூன், மயில்நீலம், கடுகு மஞ்சள் மூன்றும் போனில் அதிகம் ஏமாற்றும். மொட்டை மாடியில் உச்சி வெயிலில் எடுத்த படத்தைத் தூக்கிவிட்டு, காலை எட்டு மணி வாக்கில் நிழலில், வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து மறுபடி எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் துணியின் நிறமும் ஏறக்குறைய சரி. நிறப் பெயரையும் கவனியுங்கள். "சிவப்பு" என்று எழுதி மெரூன் அனுப்பினால் படம் எவ்வளவு சரியாக இருந்தாலும் திரும்பும்.

படம் மாறவே இல்லை, ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு திடீரென்று ரிட்டர்ன் ஏறியது என்றால் சாயக் குளியல் மாறியிருக்கிறது. பழைய லாட்டின் ஒரு துண்டை எப்போதும் நோட்டில் பின் செய்து வைத்திருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். வைக்கவில்லை என்றால் இன்றிலிருந்து வையுங்கள்.

"சாயம் போகிறது" என்று புகார் வந்தால் நனைத்த வெள்ளைத் துணியைப் பத்து முறை அழுத்தித் தேயுங்கள், பிறகு காய்ந்த துணியால் தேயுங்கள். ஈரத்தில் மட்டும் லேசாக ஒட்டினால், "முதல் மூன்று முறை தனியாகத் துவைக்கவும்" என்ற அட்டை பெரும்பாலான புகார்களைத் தடுக்கும். காய்ந்த துணியிலும் ஒட்டினால் அந்தச் சரக்கை அனுப்பக் கூடாது. சாயப்பட்டறையோடு வாதாட வேண்டிய நிலை வந்தால், உங்கள் வெள்ளைத் துணியை ஆதாரமாக ஏற்கமாட்டார்கள். கோவையில் சிட்ரா போன்ற ஜவுளிச் சோதனைக்கூடத்தில் சாய உறுதிச் சோதனை செய்து, 1 முதல் 5 வரையிலான தர எண்ணோடு அறிக்கை வாங்கிக்கொண்டு பேசுங்கள். ஒரு பீஸ், இரண்டு பீஸுக்காக இதைச் செய்வது வீண், ஒரு முழு ரோல் சிக்கியிருந்தால் செய்யலாம்.

## அறிகுறி: ரிட்டர்ன் எண்ணிக்கை ஏறவில்லை, கூரியர் பில் மட்டும் ஏறுகிறது

இதில் தவறு துணியில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. கூரியர்காரர்கள் நிஜ எடை, பரிமாண எடை இரண்டில் பெரியதற்கு விலை போடுகிறார்கள். பல ரேட் கார்டுகளில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ. உங்கள் கார்டில் வகுக்கும் எண் என்ன என்று முதலில் பாருங்கள்.

```
30 × 25 × 4 / 5000 = 0.60 கிலோ
28 × 22 × 4 / 5000 = 0.49 கிலோ
```

குர்த்தி கவரோடு 420 கிராம்தான். ஆனால் 30-க்கு 25 கவரில் போட்டால் அரைக் கிலோ அடுக்கைத் தாண்டி அடுத்த அடுக்கு விலை விழுகிறது. கொஞ்சம் இறுக்கமாக மடித்து 28-க்கு 22 கவருக்கு மாறினால் அதே குர்த்தி உள்ளே அடங்கிவிடும்.

போகும்போது சரியாக இருந்தும் வரும்போது எகிறுவதுதான் அதிகம். வாடிக்கையாளர் உங்கள் கவரைக் கிழித்து எறிந்திருப்பார். வீட்டில் கிடைத்த துணிக்கடைப் பையிலோ ஷூ டப்பாவிலோ போட்டுக் கொடுப்பார். ஷூ டப்பா 32-க்கு 20-க்கு 12 என்றால் பரிமாண எடை 1.5 கிலோவைத் தாண்டும். குர்த்தியை நீளமாகவும் தடிமனாகவும் ஆக்கும் வேரியண்ட்டுகளில், துப்பட்டாவோடு வரும் செட்டுகளில், பெரிய அளவுகளில் இது முதலில் தெரியும். ரிவர்ஸ் தொகையையும் வேரியண்ட்வாரியாகச் சராசரி போட்டால் இது பிடிபடும். எல்லாவற்றுக்கும் 85 என்று ஒரே எண் போட்டால் பிடிபடாது.

இதற்கு மலிவான தீர்வு, இரண்டு ஒட்டுப்பட்டை உள்ள கவர். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று ரிட்டர்னுக்கு இருக்கும். கூடுதல் விலை ஒன்றிரண்டு ரூபாய். உள்ளே வைக்கும் சீட்டில் "இதே கவரில் திருப்பித் தரவும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுங்கள்.

எடையில் கூரியர்காரர் தவறாகப் போட்டிருக்கிறார் என்று தோன்றினால், தராசின் மேல் பார்சல், பக்கத்தில் அளவு நாடா, லேபிள் எண் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். இந்தப் படத்தை அனுப்பும் நாளிலேயே எடுத்திருக்க வேண்டும். பில் வந்தபின் எடுக்க முடியாது, மறுப்புத் தெரிவிக்கக் கொடுக்கும் நாட்களும் குறைவு. புகார் எண் போட்டும் தொகை திரும்பாமல் இரண்டு மூன்று பில் ஓடினால், கூரியர் கணக்கு மேலாளரிடம் அந்த எஸ்.கே.யூ-வுக்கு எடையை முன்கூட்டியே பதிந்து உறைய வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பல நிறுவனங்களில் அந்த வசதி உண்டு.

## அறிகுறி: ரிட்டர்ன் குறைந்துவிட்டது, எக்ஸ்சேஞ்ச் ஏறியிருக்கிறது, லாபம் அப்படியே இருக்கிறது

பணம் திருப்பாமல் வேறு அளவு அனுப்பினால் விற்பனை காப்பாற்றப்பட்டது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 185 மிச்சத்திலிருந்து ரிவர்ஸ் 85, மறுபடி அனுப்ப 72, புதிய கவர் 18, வந்த பீஸைச் சரிசெய்ய 22, சேதத்துக்குச் சராசரி 50. மொத்தம் 247. மீதி −62 ரூபாய். வாடிக்கையாளர் நம்மிடமே இருக்கிறார் என்பது உண்மை, அந்த விற்பனையில் எதுவும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

ஆகவே எக்ஸ்சேஞ்சையும் ரிட்டர்ன் பட்டியலிலேயே, முதலில் போன வேரியண்ட்டின் பெயரில் எழுதுங்கள். புதிதாகப் போன அளவின் பெயரில் எழுதினால் குற்றவாளி தப்பித்துவிடும். "எல் கொடுத்து எக்ஸெல் வாங்கியவர்கள்" மட்டும் அதிகமாக இருந்து எதிர்ப்பக்கம் யாருமே இல்லை என்றால், உங்கள் எல் பெயரளவில்தான் எல்.

எல்லா எக்ஸ்சேஞ்சையும் மறுக்கச் சொல்லவில்லை. ஆர்டர் வந்தவுடனே, அடிக்கடி திரும்பும் வேரியண்ட்டுகளுக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: "நீங்கள் இப்போது போடும் குர்த்தியை விரித்து அளந்து சொல்லுங்கள்." அனுப்புவதற்கு முன் மாற்றிக்கொண்டால் செலவு ஒன்றும் இல்லை.

## அறிகுறி: கவர் பிரிக்கப்படாமலே திரும்பி வருகிறது

இது வேறு நோய். வாடிக்கையாளர் வாங்கவே இல்லை, பார்சல் அனுப்பியவருக்கே திரும்புகிறது; கூரியர் மொழியில் ஆர்.டி.ஓ. இதை மேலே சொன்ன ரிட்டர்னோடு கலந்தால் அளவு, நிறம் பற்றிய எல்லா முடிவும் கெட்டுப்போகும். F நெடுவரிசையில் RTO என்று தனி நிலை வையுங்கள்.

ஒரு வேரியண்ட்டில் மட்டும் ஆர்.டி.ஓ அதிகம் என்றால் அந்தத் துணியைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் அந்த நிறத்தின் படத்தைத்தான் விளம்பரத்தில் ஓட்டியிருப்பீர்கள், அவசரத்தில் தட்டிய சி.ஓ.டி ஆர்டர்கள் அங்கே குவிந்திருக்கும். சி.ஓ.டி-யை மட்டும் பிரித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். முகவரியை உறுதிசெய்யும் ஒரு போன், முன்பணம் கட்டினால் சிறு தள்ளுபடி, இந்த இரண்டையும் செய்து பார்த்துவிட்டு அடங்காவிட்டால் அந்தப் பின்கோடுகளுக்கு சி.ஓ.டி-யை நிறுத்துங்கள். "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்ற காரணம் ஒரே கூரியர் கிளையிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஐந்து வாடிக்கையாளர்களிடம் ஆள் வந்தாரா என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு கூரியர் நிறுவனத்திடம் பேசுங்கள்.

## அறிகுறி: திரும்பி வந்த சரக்கு ஸ்டாக்கில் ஏறாமல் மூலையில் சேர்கிறது

எக்ஸெல் இல்லை என்று தளம் சொல்லும், மூட்டைக்குள் பதினோரு எக்ஸெல் கிடக்கும். தைக்கும் மேசைக்குப் புதிய லாட் சொல்வீர்கள். இதில் முடங்கும் பணம் எந்தப் பில்லிலும் வராது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் கரையோரத்தில் இது இன்னும் கெடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்ததுபோல் மழை கொட்டினால், தரையில் வைத்த மூட்டை நனையாமல் இருக்காது. அவ்வளவு மழை இல்லாவிட்டாலும், ஈரத்தோடு வந்த பார்சல் பிளாஸ்டிக் கவருக்குள் சில நாள் கிடந்தால் பூஞ்சைப் புள்ளி விழும், பருத்தியில் அது முழுதாகப் போவதில்லை. நான்கில் ஒன்று என்று நாம் போட்ட சேதக் கணக்கு மழைக்காலத்தில் இரண்டில் ஒன்றானால், 50 ரூபாய் 100 ஆகி, ஒரு ரிட்டர்னின் விலை 403-ஐத் தொடும். எல்லை 34-லிருந்து 31 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

வந்த பார்சலை அதே நாளில் பிரிக்க வேண்டும், முடியாத நாளில் கவரின் ஓரத்தையாவது வெட்டிக் காற்றுப்பட வைக்க வேண்டும். பிரித்ததும் மூன்றே முடிவு: அப்படியே விற்கலாம், இஸ்திரி போட்டு விற்கலாம், குறைந்த விலைக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கூடை, கூடையில் விழும்போதே எஸ்.கே.யூ பதிவு. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மரப்பலகை, சுவரிலிருந்து கையகல இடைவெளி. கூடையில் ஏழு நாளுக்கு மேல் ஏதாவது கிடந்தால், அந்த வேரியண்ட்டுக்குப் புதிதாக வெட்டச் சொல்வதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.